எட்டுத் துளைகளும் மூடினால் வரும் ஸ்வரம்

ரெக்கார்டர் குழலின் வாய்ப்பகுதியில், மேல்புறம் இரண்டும் அடிப்புறம் ஒன்றுமாகப் பல் பதிந்த பள்ளங்கள் இருந்தன. அவை சின்னவளுடைய பற்கள் அல்ல. ஆயினும் அந்தக் குழலை எடுத்து வாயில் வைக்கும்போதெல்லாம் அவளுடைய பற்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே, அந்தப் பள்ளங்களைத் தேடிப்போய் உட்கார்ந்துகொண்டன. உட்கார்ந்தவுடன் தாடை இறுகும். தாடை இறுகினால் தொண்டை இறுகும். அதன் பிறகு வருவது மூச்சு என்று சொல்லத்தக்கதாக இருக்காது.

"பல்லால கடிக்காதே. அது கரும்பா?" என்றார் மியூசிக் மிஸ்.

வகுப்பு சிரித்தது. பக்கத்து இருக்கையில் இருந்தவள் எல்லோரையும்விடச் சற்று அதிக நேரம் சிரித்தாள். அவளை எல்லோரும் வாத்து என்றுதான் அழைத்தார்கள். முதன்முதலில் ரெக்கார்டரை ஊதிய நாளில் அவளிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததால் கிடைத்த பெயர் அது. இப்போது வகுப்பிலேயே அவள்தான் சுத்தமாக வாசிப்பவள். பெயர் மட்டும் போகவில்லை.

மாடிப்படியின் அடியில், நாற்காலிகளை அடுக்கிவைக்கும் அறையைத்தான் இசை வகுப்புக்கு ஒதுக்கியிருந்தார்கள். கூரை ஒரு பக்கம் சரிந்து இறங்கும். உயரமான பிள்ளைகள் அந்தப் பக்கம் உட்கார்ந்தால் எழும்போது தலையில் இடித்துக்கொள்வார்கள். இருபது பேர் ஒன்றாக ஊதினால், அந்த ஒலி எங்கும் போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே சுற்றிவரும். ஆகவே யாரிடமிருந்து கீச்சென்ற சத்தம் வந்தது என்று கண்டுபிடிப்பது மற்றவர்களுக்குக் கடினம். மிஸ்ஸுக்குக் கடினம் இல்லை.

அவர்கள் பயின்றுகொண்டிருந்த மெட்டுக்குப் பிள்ளைகள் படிக்கட்டுப் பாட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். மேலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, கடைசி வரியில் ஜி, எஃப், ஈ, டி என்ற மேற்கத்திய ஸ்வரங்களாக இறங்கி, குழலின் மிகத் தாழ்ந்த ஸ்வரமான கீழ் ஸியில் அது நின்றுவிடும். பள்ளியின் ஆண்டு நிகழ்ச்சியில் அந்தக் கடைசி வரியை மட்டும் ஒருவர் தனியாக வாசிக்க வேண்டும் என்றும், வெள்ளிக்கிழமை ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டுவிட்டு ஆளை முடிவு செய்வதாகவும் மிஸ் அறிவித்திருந்தார். கீச்சிடுபவர்களுக்கு முக்கோண மணியைத் தட்டும் வேலை.

முக்கோண மணி என்பது தண்டனை அல்ல என்று மிஸ் பலமுறை விளக்கியிருந்தார். எனினும் அதை யாரும் நம்பவில்லை.

சின்னவளுக்கு அந்த வரி வேண்டும். கைதட்டலுக்காக அல்ல. அந்தக் குழலிலிருந்து ஒருமுறையாவது தன்னுடைய சத்தம் வர வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள். அவள் ஊத, ஜி வரும், எஃப் வரும், ஈ வரும், டிகூடத் தயங்கித் தயங்கி வந்துவிடும். கடைசியாகச் சுண்டுவிரலை இறக்கியவுடன் குழலின் மறுமுனையிலிருந்து வேறு யாரோ எதிர்த்து ஊதுவதுபோல் ஸ்வரம் அவள் பிடியிலிருந்து துள்ளி, எங்கோ மேலே போய்க் கீச்சென்று கத்தும்.

"விரலைக் காட்டு," என்றார் மிஸ்.

அவள் கைகளை மலர்த்திக் காட்டினாள். துளைகளை நன்றாக மூடினால் விரலின் சதையில் துளையின் வட்டம் அப்படியே அச்சாகப் பதிந்திருக்கும். இடக்கையின் கட்டைவிரலில் ஒரு வட்டம், அடுத்த மூன்று விரல்களிலும் மூன்று வட்டங்கள். வலக்கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் ஒவ்வொன்று. மோதிரவிரலுக்குக் கீழே இரட்டைத் துளை என்பதால் பெரிதும் சிறிதுமாக இரண்டு. வலக்கைச் சுண்டுவிரலில் மட்டும் நகத்துண்டு அளவுக்கு ஒரு பிறை.

"இதான் விஷயம். இங்க காத்து கசியுது. ஒரு துளை கொஞ்சம் திறந்திருந்தாலும் கீழ் ஸி வராது. நீ பயந்துகிட்டு இன்னும் பலமா ஊதுறே, அது மேல தாவிடுது." மிஸ் குழலை வாங்கிப் பார்த்தார். அது மூன்று துண்டுகளாகக் கழற்றக்கூடியது: தலை, உடல், கால். சுண்டுவிரலுக்கான துளைகள் கால் துண்டில் இருந்தன. அந்தத் துண்டோ இடப்பக்கமாக நன்றாகத் திரும்பியிருந்தது. "கால் இப்படிக் கோணிக்கிட்டு இருந்தா வலது சுண்டுவிரல் எப்படி எட்டும்? லேசா இந்தப் பக்கம் திருப்பினா போதும்."

அவர் திருப்பப் போனார். சின்னவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

பிடுங்கிய பிறகுதான் தான் செய்தது அவளுக்கே தெரிந்தது. "சாரி மிஸ். அம்மா திருப்பக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"ஏன்?"

பக்கத்திலிருந்த வாத்து சொன்னாள்: "மிஸ், அது அவ அண்ணனோடது. அந்த அண்ணன் இப்ப இல்ல."

மிஸ் இந்தப் பள்ளிக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அவர் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு, "சரிம்மா. மூச்சையாவது சரி பண்ணுவோம்," என்று தாழ்ந்த குரலில் கூறினார். "மெழுகுவர்த்தியை அணைக்கிற மூச்சு வேண்டாம். குளிர்ல கண்ணாடி மேல ஊதி ஆவி படிய வைப்போமே, அந்த மூச்சு. சூடா, மெதுவா, நிறைய நேரம். நாக்கு மேல்பல்லுக்குப் பின்னாடி லேசா தொட்டுட்டு விலகணும், அவ்வளவுதான். துப்பக் கூடாது."

*

வீட்டில் இரண்டு அறைகள். முன்னறையில் அம்மாவின் தையல் இயந்திரம் இருந்தது. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுக்கும் துணிகளை அளவு குறைப்பதும் கூட்டுவதும் கிழிசல் சேர்ப்பதும் அம்மாவின் வேலை. உள்ளறையில் சின்னவள் வாசிப்பாள். இடையில் ஒரு கதவு. அதை மூட வேண்டும் என்று அவள் எப்போதாவது கேட்டால், "காத்து வரட்டும்" என்பார் அம்மா.

அப்பா குழாய் பழுதுபார்ப்பவர். மாலையில் ஈரக் காற்சட்டையோடு வந்து, வாசலிலேயே நின்று, "இன்னிக்கு ஒரு வீட்டுல தண்ணி வரலை, இன்னொரு வீட்டுல நிக்கலை" என்பதுபோல் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார். பெரியவன் இருந்தபோது இந்தச் சொற்களுக்கு வீட்டில் சிரிப்பு எழும். இப்போதும் அவர் சொல்லத் தவறுவதில்லை.

பெரியவனுக்கு வந்தது ஒரு காய்ச்சல்தான். அது மூளைக்குப் போய்விட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அப்போது சின்னவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அண்ணன் எங்கே என்று அவள் கேட்டபோதெல்லாம் யாராவது அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனது மட்டும் அவளுக்கு நினைவிருந்தது. அவனுடைய சட்டைகளைக் கொடுத்துவிட்டார்கள். புத்தகங்களைக் கொடுத்துவிட்டார்கள். ரெக்கார்டர் அவனுடைய பள்ளிப் பையில் எப்படி இருந்ததோ அப்படியே அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. சின்னவளின் வகுப்பிலும் ரெக்கார்டர் தொடங்கியபோது அம்மா அதை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

"இது இருக்கும்போது எதுக்குப் புதுசு? கழட்டாதே, திருப்பாதே. அவன் வெச்ச மாதிரியே இருக்கட்டும்."

அன்று மாலையும் சின்னவள் வாசித்தாள். கண்ணாடியில் ஆவி படியும் மூச்சு என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். முன்னறையில் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஜி, எஃப், ஈ. டி வந்தது. சுண்டுவிரலை அவள் நீட்டினாள், நீட்டினாள், துளையின் விளிம்பைத்தான் தொட முடிந்தது. கீச்.

இயந்திரம் நின்றது.

இது புதிதல்ல. ஆனால் இவ்வளவு நாளும் இதை அவள் தற்செயல் என்று எண்ணியிருந்தாள். அன்று அவள் சோதித்துப் பார்த்தாள். மேல் ஸ்வரங்களை மட்டும் பிழையில்லாமல் வாசித்தாள்; இயந்திரம் ஓடியது. ஜியை வேண்டுமென்றே தவறாக எடுத்தாள், இயந்திரம் ஓடியது. கீழ் ஸிக்கு இறங்கிக் கீச்சிட்டாள். நூல் அறுந்ததுபோல் சட்டென்று நின்றது. ஊசி துணிக்குள் இறங்கியபடியே நின்றிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் கதவோரம் போய் எட்டிப் பார்த்தாள். அம்மாவின் கை சக்கரத்தின் மேல் இருந்தது. முகம் உள்ளறைப் பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் பார்வை சின்னவளின் முகத்துக்கு வரவில்லை. அவள் தலைக்கு மேல், அவளைவிட உயரமான ஒருவன் நின்றால் அவன் முகம் இருக்கக்கூடிய இடத்தில் நின்றிருந்தது.

"கிளி வந்திருக்கு," என்றார் அம்மா. உதடு மட்டும்தான் அசைந்தது. பிறகு, சற்றே உரக்க, "இன்னொரு தடவை வாசி கண்ணு" என்றார்.

கண்ணு என்று அம்மா அவளை அழைத்ததில்லை. அது அவளுடைய பெயர் அல்ல; அண்ணனுடையது.

அவள் வாசித்தாள். கிளி வந்தது. அன்றைக்கு அதன் பிறகு அம்மா கேட்கக் கேட்க அவள் வாசித்தாள். மூச்சைச் சரிசெய்ய முயலவில்லை. பற்களைப் பள்ளங்களில் அழுத்திக்கொண்டு பலமாக ஊதினால் கிளி தவறாமல் வரும் என்பதை அவள் கற்றுக்கொண்டாள். வாசித்து முடித்துக் குழலைக் கீழே வைத்தபோது தாடை வலித்தது. தன் வாயை வேறு யாரோ பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்ததுபோல் இருந்தது.

*

"என்னோடதுல வாசிச்சுப் பாரு," என்றாள் வாத்து, மறுநாள் மதிய இடைவேளையில். அவர்கள் மாடிப்படியின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். "ஆனா சோப்பு போட்டுக் கழுவித்தான் தரணும். உன் எச்சிலோட தந்தியோ, தொலைச்சே."

"உன் எச்சில் இருக்கே இப்ப."

"என்னோடது சுத்தமான எச்சில்டி. வாசி."

வாத்தின் குழலின் வாய்ப்பகுதி வழவழவென்று இருந்தது. பற்களுக்கு அங்கே இடமில்லை. உதடுகள் தாமாகவே மூடிக்கொண்டன. சின்னவள் ஜியில் தொடங்கி ஒவ்வொரு விரலாக இறக்கினாள். விரல் நுனியால் குத்தாமல் சதையால் படியவைத்தாள். சுண்டுவிரல் மடங்கியபோதே துளையின் மேல் இருந்தது, தேட வேண்டியிருக்கவில்லை. அவள் பாதி மூச்சைத்தான் விட்டாள்.

மிகவும் தாழ்ந்த, கனத்த, உருண்டையான ஓர் ஒலி வந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று அவள் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்தியா?" என்றாள் வாத்து. "உனக்கு வருது. அந்தக் குழலுக்குத்தான் பேய் புடிச்சிருக்கு."

சொன்ன பிறகு வாத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சும்மா சொன்னேன்டி."

"தெரியும்."

"அதைத் திருப்பிட்டா சரியாயிடும்னு மிஸ்ஸே சொன்னாங்கல்ல? எங்கம்மா எங்க தாத்தாவோட கண்ணாடியைக்கூட யாரையும் தொட விட மாட்டாங்க. நான் ஒரு நாள் போட்டுப் பாத்தேன். ஒண்ணும் ஆகலை. தலைதான் சுத்துச்சு."

சின்னவள் சிரித்தாள். பிறகு தயங்கி, "இதை இன்னிக்கு ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டாள்.

"சோப்பு," என்றாள் வாத்து.

அன்று மாலை அவள் வாத்தின் குழலில் வாசித்தாள். படிக்கட்டுப் பாட்டு முழுவதும் இறங்கி, கடைசியில் கீழ் ஸியில் வந்து தரையில் கால் வைத்ததுபோல் நின்றது. இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் மீண்டும் வாசித்தாள். மூச்சு நீளமாக வந்தது. மூன்றாம் முறை வாசிக்கும்போதுதான் இயந்திரச் சத்தம் எப்போதோ நின்றுவிட்டது என்பதை உணர்ந்தாள்.

அம்மா கதவில் நின்றிருந்தார். கையில் யாருடைய சட்டையோ ஒன்று, ஒரு கை தைக்கப்பட்டு மறு கை தொங்கியபடி.

"அது எங்க?"

"பையில இருக்கும்மா."

"இது யாரோடது?"

"வாத்தோடது. கழுவிட்டேன்."

"அதை எடு. அதுல வாசி."

"அதுல எனக்கு வராதும்மா."

"வராட்டி என்ன? அவனுக்கு மட்டும் வந்துச்சா?" அம்மாவின் குரல் உயரவில்லை; அது இன்னும் தாழ்ந்தது. "எத்தனை தடவை உக்காந்து ஊதுவான். கடைசி ஒரு ஸ்வரம், அது மட்டும் வரலை. கிளி மாதிரி கத்தும். நான் சிரிப்பேன். நாளைக்கு வந்துடும்டான்னு சொல்லுவேன். அந்த ஒரு ஸ்வரம் வராமலேயே போயிட்டான்." அவர் சட்டையைச் சுருட்டி மார்போடு பிடித்துக்கொண்டார். "பாதியிலே விட்டவன் வந்து முடிப்பான்னு ஒரு நெனப்பு. பைத்தியக்காரத்தனம்தான், எனக்கே தெரியும். ஆனா நீ கீச்சுன்னு ஊதறப்ப, அவன் இன்னும் முயற்சி பண்ணிக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கு. அதைத் திருப்பிட்டா எங்க வந்து புடிப்பான்?"

தான் அழுதால் அம்மாவும் அழுவார்; அதைச் சின்னவள் விரும்பவில்லை. ஆகவே பையைத் திறந்து அண்ணனின் குழலை எடுத்தாள். எங்கே வந்து பிடிப்பான் என்று அம்மா கேட்டது அவள் மனத்தில் நின்றது. அவள் குழலை விளக்குக்கு நேரே நிமிர்த்திப் பிடித்து, அதைப் பிடிப்பவனுடைய கை எப்படி இருக்கும் என்று பார்த்தாள். சுண்டுவிரல் துளைகள் இடப்பக்கம் இருந்தன. இடப்பக்கத்திலிருந்து ஒரு கை வந்தால்தான் அதைத் தொட முடியும்.

"அம்மா, அண்ணன் எந்தக் கையால சாப்பிடுவான்?"

"இடது கையாலதான். எவ்வளவு சொல்லியும் கேக்கலை. பல்லு விளக்கறது, எழுதறது எல்லாம் அதுலதான். ஏன்?"

ரெக்கார்டரை இடக்கை மேலும் வலக்கை கீழுமாகப் பிடிக்க வேண்டும். எல்லோருக்கும் அதுதான் முதல் பாடம். ஆனால் கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார்ந்த ஒரு பையன், எது வசதியோ அப்படிப் பிடித்து, அதற்கேற்பக் காலையும் திருப்பிக்கொண்டால் யார் கவனிக்கப் போகிறார்கள்? சின்னவள் கைகளை மாற்றினாள். வலக்கை மேலே போனது. இடக்கை கீழே வந்தது. விரல்களுக்கு எல்லாமே அந்நியமாக இருந்தது; யாருடைய கையையோ இரவல் வாங்கியதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத் துளைகளின் மேல் வைத்தாள். கட்டைவிரல் பின்னால். ஒன்று, இரண்டு, மூன்று. கீழே நான்கு, ஐந்து, ஆறு. இடக்கைச் சுண்டுவிரல் தானாகவே கால் துண்டின் துளைகளுக்கு மேல் வந்து படிந்தது.

பற்கள் பள்ளங்களைத் தேடின. அவள் அவற்றைப் பின்னால் இழுத்துக்கொண்டு உதடுகளை மட்டும் மூடினாள். கண்ணாடியில் ஆவி படியும் மூச்சு.

கீழ் ஸி வந்தது.

அது அவளுடையதாக இருக்கவில்லை. அந்தக் கைகளின் அமைப்பில், அந்தக் குழலில் அந்த ஒலி முன்பே பலமுறை வந்து பழகியதுபோல் எந்தத் தடையும் இல்லாமல் வந்து அறையை நிறைத்தது. குழலை எறிந்துவிட வேண்டும் என்றும், வாயிலிருந்து எடுக்கவே கூடாது என்றும் அவளுக்கு ஒரே சமயத்தில் தோன்றியது. மூச்சு தீர்ந்தவுடன் குழலை மடியில் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். "இது என்ன?"

"அண்ணன் இப்படித்தான் புடிச்சிருப்பான். இப்படிப் புடிச்சா வருது. அவனுக்கு வந்திருக்கும்மா."

"வந்தா கிளி எப்படிக் கத்தும்? நான்தான் தினமும் கேட்டேனே."

"அது…" சின்னவள் தயங்கினாள். நேற்று தான் செய்ததை அவள் நினைத்துக்கொண்டாள். "பலமா ஊதினா கத்தும். வேணும்னேகூட கத்த வைக்கலாம்."

வாசலில் செருப்பைக் கழற்றிய ஓசை கேட்டது. அப்பா வந்திருந்தார். உள்ளே நிலவிய அமைதியைப் பார்த்து, சொல்ல வந்ததைச் சொல்லாமல், கருவிப் பையை ஓசைப்படாமல் கீழே வைத்தார். "வெளியிலேயே கேட்டுச்சு," என்றார். "நான் ஒரு நிமிஷம் அவன்தான்னு நெனச்சிட்டேன்."

அம்மா மெல்லத் திரும்பினார். "அவன் வாசிச்சு நீங்க கேட்டிருக்கீங்களா? இந்த ஸ்வரத்தை?"

"நீ துணி கொடுக்கப் போற நேரத்துல வாசிப்பானே. சுத்தமா இருக்கும். நல்லாத்தானேடா வாசிக்கிறே, அம்மா வந்தா மட்டும் ஏன் குரங்கு சேட்டைன்னு கேட்டேன். கிளி வந்தாத்தான்பா அம்மா மெஷினை நிறுத்துவாங்கன்னான்."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"உனக்குத் தெரியாதா?" அப்பா உண்மையாகவே திகைத்துப்போனார். "நீ தெரிஞ்சுதான் சிரிக்கிறேன்னு நெனச்சேன். அப்புறம்… அவனைப் பத்தி எப்படிப் பேச்செடுக்கிறதுன்னே தெரியலை. நீ பேசுவேன்னு இருந்தேன். நீ பேசலை."

தெருவில் ஒரு வண்டி பின்னோக்கி வரும் ஓசை கேட்டு அடங்கியது. அம்மா தரையில் உட்கார்ந்து சட்டையை மடியில் போட்டுக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்பது சின்னவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு இரண்டும்தான் என்று விளங்கியது.

"திருட்டுப் பய," என்றார் அம்மா. "எம்மூஞ்சியைப் பாத்துக்கிட்டே ஏமாத்தியிருக்கான்."

சற்று நேரம் கழித்து அவர் கையை நீட்டினார். சின்னவள் குழலைக் கொடுத்தாள். அம்மா கால் துண்டைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை, உள்ளே தடவிய மசகு நாளாவட்டத்தில் காய்ந்து இறுகிப் போயிருந்தது.

"குடு, நான் பாக்கிறேன்," என்றார் அப்பா. "இறுகின குழாயோட மல்லுக்கட்டறதுதானே என் பொழைப்பு."

"வேண்டாம். எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

"வெந்நீர்ல நனைச்ச துணியைப் பிழிஞ்சு, சேருற இடத்துல சுத்தி வை. கொதிக்கிற தண்ணி வேண்டாம், பிளாஸ்டிக் கோணிடும். கொஞ்ச நேரம் கழிச்சு நேரா இழுக்காம, முறுக்கிக்கிட்டே இழு."

அம்மா அப்படியே செய்தார். துணி ஆறும் வரை மூவரும் அதைச் சுற்றி, காய்ச்சல் கண்ட பிள்ளைக்குப் பற்றுப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள்போல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அம்மா முறுக்கினார். முதலில் வலுவோடு, பின்பு மிக மெதுவாக. ஒரு சிறு முனகலோடு கால் துண்டு நகர்ந்தது. அந்த ஓசை கேட்டதும் அம்மா கண்களை மூடிக்கொண்டார். ஆனால் கையை நிறுத்தவில்லை. கழன்று வந்த துண்டின் உட்புறத்தைத் துணியால் துடைத்தார். அப்பா கொண்டுவந்த வாஸ்லினைச் சிறிதளவு தடவி மறுபடியும் பொருத்தினார்.

"எந்தப் பக்கம்? சொல்லு."

"வலது பக்கமா, கொஞ்சம். அவ்வளவு வேண்டாம்மா. இன்னும் கொஞ்சம் பின்னாடி. ம்."

"உன் விரலை வை."

சின்னவள் இடக்கையை மேலேயும் வலக்கையைக் கீழேயும் வைத்தாள். அம்மா அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்து, அது எங்கே படிகிறது என்று குனிந்து பார்த்து, தைப்பதற்கு முன் துணியைச் சரிபார்ப்பதுபோல் காலை ஒரு நூலிழை திருப்பினார். இப்போது அவருடைய பார்வை சின்னவளின் விரலில் இருந்தது. வேறெங்கும் இல்லை.

"இது உன் அளவு," என்றார்.

*

வெள்ளிக்கிழமை மாடிப்படியின் அடியிலிருந்த அறையில் மிஸ் ஒவ்வொருவராக அழைத்தார். வாத்து தன் முறையில் வாசித்தபோது எஃபில் ஒரு விரலைத் தவறவிட்டாள். இருக்கைக்குத் திரும்பும்போது, "சோப்பு வாசனைதான் காரணம்" என்று சின்னவளின் காதில் முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

சின்னவள் எழுந்து நின்றாள். குழலின் தலையைக் கொஞ்ச நேரமாகக் கைக்குள்ளேயே பொத்தி வைத்திருந்தாள். குளிர்ந்த குழலுக்குள் மூச்சின் ஈரம் சீக்கிரம் சேர்ந்துவிடும், அப்போது ஒலி கரகரக்கும் என்று மிஸ் சொல்லியிருந்தார். உதடுகளை மூடினாள். பள்ளங்கள் அங்கேயே இருந்தன. உதட்டின் உட்புறத்தில் அவற்றை உணர முடிந்தது. அவற்றின் மேல் இருக்கலாம், அவற்றுக்குள் போக வேண்டியதில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஜி. எஃப். ஈ. ஒவ்வொரு படிக்கும் மூச்சைச் சற்றே தணித்தாள். டி.

சுண்டுவிரலை இறக்கும் முன் அவள் ஒரு கணம் காத்திருந்தாள். மறுமுனையிலிருந்து எதிர்த்து வரும் அந்தப் பழைய மூச்சு வருகிறதா என்று கவனித்தாள். வரவில்லை. குழல் வெறுமையாக இருந்தது. இவ்வளவு நாளும் தனக்கு வேண்டியது இதுதான் என்று அவள் எண்ணியிருந்தாள்; ஆனால் அந்த வெறுமை ஆளில்லாத வீட்டின் கதவைத் திறந்ததுபோல் இருந்தது. உள்ளே போவதற்கு அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

விரல் படிந்தது. அவள் ஊதினாள்.

கீழ் ஸி தயக்கமில்லாமல் வந்து, சற்று நடுங்கி, பின் நிலைத்தது. அது அண்ணனின் கைகளில் வந்த ஸ்வரத்தைப்போல் அறையை நிறைக்கவில்லை. அதைவிடச் சிறியது, மெல்லியது; வாசித்துப் பழகாத ஒருத்தியின் ஸ்வரம். மிஸ் கையை உயர்த்தி, போதும் என்று சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் நின்றார். சின்னவள் நிறுத்தவில்லை. நெஞ்சில் இருந்த காற்று குறையக் குறைய ஸ்வரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, தன் சுருதியிலிருந்து வழுவி, கடைசியில் ஒலி போய்க் காற்று மட்டும் குழலுக்குள் நடந்து போகும் ஓசையாக மாறியது. அதுவும் தீர்ந்த பிறகுதான், அவள் தனக்காக மறுபடியும் மூச்சை இழுத்துக்கொண்டாள்.